ஒரே பொருள், இரண்டு பாடல்கள்: ஒப்பீட்டுக் கட்டுரையை அமைப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டக் கல்லூரிகளில் தமிழ் படிக்கும் மாணவர்கள் ஒப்பீட்டுக் கட்டுரை எழுதும்போது என்னிடம் கேட்ட கேள்விகளில் முக்கியமானவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். எல்லாப் பதில்களுக்கும் ஒரே எடுத்துக்காட்டைப் பயன்படுத்தியிருக்கிறேன். புறநானூற்றின் 112ஆம் பாடலும் 235ஆம் பாடலும்தான் அது. முன்னது பாரி மகளிர் பாடியது. பின்னது தகடூர் ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி இறந்தபோது ஔவையார் பாடியது.

"ஐயா, தகடூர் நம் ஊர் என்பதால் அதியமான் பாடலை எடுக்க ஆசை. அதோடு எந்தப் பாடலைச் சேர்த்தால் ஒப்பிட வசதியாக இருக்கும்?"

பாரி மகளிரின் பாடலைச் சேருங்கள். இரண்டும் பொதுவியல் திணை, இரண்டும் கையறுநிலைத் துறை. ஆதரவாக இருந்த ஒருவன் இறந்த பிறகு எஞ்சியிருப்பவர் பேசும் பேச்சு இரண்டிலும் இருக்கிறது. பொருள் ஒன்றாக இருந்தால்தான் வேறுபாடு கண்ணில் படும். பாரியின் கொடையைப் பாடும் பாடலையும் அதியமானின் இறப்பைப் பாடும் பாடலையும் எடுத்தால் வேறுபாடுகள் ஏராளமாகக் கிடைக்கும். ஆனால் அவையெல்லாம் பொருள் வேறு என்பதால் வந்தவை. புலவர் பார்வையைப் பற்றி அவை எதுவும் சொல்லா.

112ஆம் பாடல் முழுவதும் இதுதான்:

அற்றைத் திங்கள் அவ்வெண் ணிலவில்
எந்தையும் உடையேம்எம் குன்றும் பிறர்கொளார்
இற்றைத் திங்கள் இவ்வெண் ணிலவில்
வென்றெறி முரசின் வேந்தர்எம்
குன்றும் கொண்டார்யாம் எந்தையும் இலமே.

235 இருபது அடி நீளமுள்ளது. 'சிறியகட் பெறினே எமக்கீயும் மன்னே' என்று தொடங்கி, 'பிறர்க்கொன்று ஈயாது வீயும் உயிர்தவப் பலவே' என்று முடிகிறது. பாடநூலிலிருந்து அதை ஒரு தாளில் உங்கள் கையால் எழுதிக்கொண்டு மேலே படியுங்கள்.

"முதல் பாடலை இரண்டு பக்கம் விளக்கி, அடுத்த பாடலை இரண்டு பக்கம் விளக்கி, கடைசியில் ஒரு பத்தியில் ஒப்பிட்டால் போதாதா?"

போதாது. அப்படி எழுதினால் இரண்டு விளக்கக் கட்டுரைகளை ஒரே அட்டைக்குள் வைத்துத் தைத்ததாகவே இருக்கும். படிப்பவர் இரண்டாவது பாடலுக்கு வரும்போது முதல் பாடலைப் பற்றி நீங்கள் நுணுக்கமாகச் சொன்னது அவர் நினைவில் இருக்காது. கடைசிப் பத்தியில் அதை மறுபடி சொல்ல வேண்டியிருக்கும். இடம் போதாமல் 'இருவரும் வருந்துகின்றனர்' என்ற அளவில் நின்றுவிடும்.

பாடலுக்கு ஒரு பகுதி ஒதுக்காமல் கூறுக்கு ஒரு பகுதி ஒதுக்குங்கள். காலத்தை இருவரும் எப்படிக் கையாளுகிறார்கள் என்பது ஒரு பகுதி; இழப்பு யாருடையது என்பது இன்னொரு பகுதி. ஒவ்வொரு பகுதிக்குள்ளும் இரண்டு பாடல்களும் வந்து சந்திக்க வேண்டும்.

எழுதி முடித்ததும் இப்படிச் சரிபாருங்கள். 112ஐப் பற்றிய வாக்கியங்களின் கீழ் நீல மையால் கோடிடுங்கள். 235ஐப் பற்றியவற்றின் கீழ் சிவப்பு மையால் கோடிடுங்கள். ஒரு பத்தி முழுக்க ஒரே நிறமாக இருந்தால் அந்தப் பத்தியில் ஒப்பீடு நடக்கவில்லை. இரண்டு நிறமும் இல்லாத வாக்கியங்கள் தொடர்ந்து வந்தால் நீங்கள் பாடலை விட்டு வரலாற்றுக்குள் போய்விட்டீர்கள்.

"எதுகை, மோனை, உவமை, அணி, யாப்பு என்று வரிசையாக ஒப்பிடலாமா? அதுதானே எளிது?"

எளிதுதான், ஆனால் அந்தப் பட்டியல் எந்த இரண்டு பாடலுக்கும் பொருந்தும். அதனாலேயே இந்த இரண்டு பாடல்களைப் பற்றி அது ஒன்றும் சொல்லாமல் போய்விடும். கூறுகள் பாடல்களுக்குள்ளிருந்து வர வேண்டும்.

அதற்கு ஒரு வழி இருக்கிறது. இரண்டு பாடல்களிலும் பொதுவாக உள்ள ஏதேனும் ஒன்றைத் தேடிப் பிடியுங்கள். பிறகு அது இரண்டிலும் ஒரே வேலையைத்தான் செய்கிறதா என்று பாருங்கள். இந்த இரண்டு பாடல்களிலும் 'எந்தை' வருகிறது. மகளிர் 'யாம் எந்தையும் இலமே' என்கிறார்கள். ஔவையார் 'ஆசாகு எந்தை யாண்டுளன் கொல்லோ' என்கிறார். மகளிருக்குப் பாரி பெற்ற தந்தை. ஔவையாருக்கு அதியமான் புரவலன்; உறவு இல்லாதவனை உறவாக்கி அழைக்கிறார். ஒரே அழைப்பு இரண்டு வகை நெருக்கத்தைச் சுட்டுகிறது. ஒரு கூறு கிடைத்துவிட்டது.

அடுத்து, திரும்பத் திரும்ப வருவது எது என்று பாருங்கள். 112இல் முதல் அடியும் மூன்றாம் அடியும் ஏறக்குறைய ஒன்றுதான். 'அற்றை' 'இற்றை' ஆகிறது, 'அவ்' 'இவ்' ஆகிறது, அவ்வளவுதான். 235இல் 'மன்னே' ஏழு முறை வருகிறது. 'அது கழிந்து போயிற்றே' என்பது அதன் குறிப்பு. இரண்டிலும் திரும்ப வருதல் இருக்கிறது, இரண்டிலும் அது காலத்தைச் சுமக்கிறது. இரண்டாவது கூறு.

மூன்றாவதாக, எது சொல்லப்படவில்லை என்று பாருங்கள். மாணவர்கள் பெரும்பாலும் தவறவிடுவது இதைத்தான். மகளிர் தந்தையின் கொடையைப் பற்றி ஓர் எழுத்துக்கூடச் சொல்லவில்லை. முல்லையும் தேரும் இந்தப் பாடலில் இல்லை. ஔவையாரோ கொன்றவனைப் பற்றி ஓர் எழுத்துக்கூடச் சொல்லவில்லை. வேல் வருகிறது, எறிந்த கை வரவில்லை. மகளிர் சுட்டுவது வேந்தரை. ஔவையாரின் கடைசி அடிகள் சுட்டுவது கொடுக்காமலே செத்துப்போகும் மனிதர்களை. குற்றம் யார்மேல் என்பது மூன்றாவது கூறு.

சிறிய கட்டுரைக்கு மூன்று கூறுகள் போதும். ஐந்தாறு எடுத்தால் எதையும் ஆழமாகச் சொல்ல முடியாது.

"முன்னுரையில் நெல்லிக்கனிக் கதையையும் முல்லைக்குத் தேர் கொடுத்த கதையையும் எழுதலாமா? அதை விட்டால் எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை."

வேண்டாம். அந்தக் கதைகள் திருத்துபவருக்குத் தெரியும். இந்த இரண்டு பாடல்களிலும் அவை இல்லை. நம் மாவட்டத்துப் பிள்ளைகள் அதியமானின் பெயரைக் கண்டதும் அதியமான்கோட்டை, ஜம்பைக் கல்வெட்டு, தகடூர்ப் போர் என்று ஒரு பக்கம் எழுதிவிடுகிறார்கள். பற்று புரிகிறது. ஆனால் தகடூரை எறிந்த சேரனின் பெயர்கூட 235இல் இல்லை என்பதுதான் கட்டுரைக்குப் பயன்படும் செய்தி. அவன் யார் என்பது பயன்படாது.

முன்னுரைக்கு நான்கு செய்திகள் போதும். எவை அந்தப் பாடல்கள், யார் பாடியவை என்பது ஒன்று. எது பொது என்பது ஒன்று. எங்கே பிரிகின்றன என்பது ஒன்று. அந்தப் பிரிவால் என்ன தெரிகிறது என்பது கடைசி; அதுதான் உங்கள் மையக் கருத்து. எடுத்துக்காட்டாக:

'புறநானூற்றின் 112ஆம் பாடலைப் பாரி மகளிரும் 235ஆம் பாடலை ஔவையாரும் பாடியுள்ளனர். இரண்டும் காப்பாற்றியவனை இழந்தவரின் கையறுநிலைப் பாடல்கள். இருவருமே இறந்தவனை எந்தை என்கின்றனர். மகளிர் தமக்கு முன்பு இருந்ததையும் இப்போது இல்லாததையும் அளந்து பார்க்கின்றனர். ஔவையாரோ அந்த இறப்பு யார் யாரைப் போய்த் தைத்தது என்று பார்க்கிறார். அதனால் ஒரு பாடல் பேசுபவரைத் தனியே நிறுத்துகிறது. மற்றது பேசுபவரைப் பெருங்கூட்டத்தில் ஒருவராக்குகிறது.'

கடைசி வாக்கியத்தோடு ஒருவர் வாதம் செய்ய முடியும் என்பதைக் கவனியுங்கள். 'இரு பாடல்களுக்கும் ஒற்றுமைகளும் வேற்றுமைகளும் உள்ளன' என்று எழுதினால் யாரும் மறுக்க மாட்டார்கள். அதை மெய்ப்பிக்கக் கட்டுரையும் தேவைப்படாது.

"ஒரு பத்தியை எழுதிக் காட்ட முடியுமா? நான் எழுதினால் 'அதேபோல்', 'அதேபோல்' என்றே போகிறது."

முதலில், அடிக்கடி வருகிற பத்தி:

'பாரி மகளிர் தந்தையை இழந்து வருந்துகின்றனர். அதேபோல் ஔவையாரும் அதியமானை இழந்து வருந்துகிறார். பாரி மகளிர் பாடலில் நிலவு வருகிறது. ஔவையார் பாடலில் வேல் வருகிறது.'

இதில் தவறான செய்தி எதுவும் இல்லை. ஆனால் நிலவையும் வேலையும் எந்தக் கேள்வியின் கீழ் பக்கத்தில் வைத்தோம் என்பது இல்லை. பத்தியின் முதல் வாக்கியம் கூறைச் சொல்ல வேண்டும். அதே வாக்கியத்தில் இரண்டு பாடல்களும் வந்துவிட வேண்டும். காலம் என்ற கூறில் எழுதினால் இப்படி அமையும்:

'கடந்த காலத்தைத் திரும்பிப் பார்க்கையில் பாரி மகளிருக்கு ஓர் இரவு தெரிகிறது; ஔவையாருக்கு எண்ணற்ற நாள்கள் தெரிகின்றன. அற்றைத் திங்கள், இற்றைத் திங்கள் என்ற இரண்டுக்கும் நடுவே மகளிரின் கதை முடிந்துவிடுகிறது. நிலவு அதே வெண்ணிலவு, அதன்கீழ் இருந்த வாழ்வு மட்டும் இல்லை. ஔவையாரோ நாள் எதையும் குறிப்பதில்லை. சிறிதளவு கள் கிடைத்தால் எமக்குத் தருவான், நிறையக் கிடைத்தால் யாம் பாடத் தானும் மகிழ்ந்து உண்பான் என்று, வழக்கமாக நடந்தவற்றை அடுக்கி ஒவ்வொன்றையும் மன்னே என்று முடிக்கிறார். மகளிருக்கு இழப்பு ஒரு முறை நேர்ந்தது. ஔவையாருக்கு, நினைவுக்கு வரும் ஒவ்வொரு வழக்கத்தோடும் அது புதிதாக நேர்கிறது.'

கடைசி வாக்கியத்தைப் பாருங்கள். அது இரண்டு பாடல்களிலும் நேரடியாக இல்லை; இரண்டையும் பக்கத்தில் வைத்ததால் கிடைத்தது. ஒவ்வொரு பத்தியும் அப்படி ஒரு வாக்கியத்தில் முடிந்தால் ஒப்பீடு பயன் தந்தது என்று பொருள். அந்த வாக்கியம் வராவிட்டால் நீங்கள் எடுத்த கூறு சரியில்லை. வேறு கூறைத் தேடுங்கள்.

'அதேபோல்' பற்றி: தமிழில் வேற்றுமையைக் காட்டத் தனிச்சொல் தேவைப்படாத இடங்கள் பல. 'ஔவையாரோ' என்ற ஓகாரமே திசை மாறுவதைச் சொல்லிவிடும். 'இருவருமே' என்ற உம்மையும் ஏகாரமும் ஒற்றுமையைச் சொல்லிவிடும். 'மாறாக', 'எனினும்' போன்றவற்றைப் பெரிய திருப்பங்களுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

"மூன்று கூறுகளை எந்த வரிசையில் வைப்பது? எதை முதலில் சொன்னாலும் ஒன்றுதானே?"

ஒன்றல்ல. மேலோட்டமாகப் படித்தாலே தெரிவதை முதலில் வையுங்கள். கூர்ந்து படித்தால்தான் தெரிவதைக் கடைசியில் வையுங்கள். நம் எடுத்துக்காட்டில் காலம் முதலில் வரும். திங்களும் மன்னேயும் யார் கண்ணிலும் படும். அடுத்து, 'எந்தை' என்ற அழைப்பிலிருந்து கிடைத்த கூறு, அதாவது இழப்பு யாருடையது என்பது. குற்றம் யார்மேல் என்பது கடைசி. அது சொல்லப்படாததிலிருந்து எடுத்த கூறு.

இரண்டாவது கூறுக்கு 235இன் நடுப்பகுதி உதவும். 'நரந்தம் நாறும் தன் கையால் புலவு நாறும் என்தலை தைவரும் மன்னே' என்பது மிக நெருக்கமான நினைவு: மணக்கும் அவன் கை, புலால் நாறும் இவர் தலை. இதற்கு அடுத்த அடியிலேயே பாடல் வெளியே பாய்கிறது. அதியமான் மார்பில் பாய்ந்த வேல் பாணரின் உண்கலத்தைத் துளைத்து, இரப்பவர் கையினூடே போய், அவன் காத்தவர்களின் கண் ஒளி மழுங்க, புலவர் நாவில் சென்று வீழ்கிறது. ஒரு வேலுக்கு எத்தனை காயங்கள் என்று எண்ணுங்கள். 112இல் இந்த விரிவு இல்லை. 'உடையேம்' என்று தொடங்கியது 'இலமே' என்று முடிகிறது. நடுவில் யாம், எம், எந்தை மட்டுமே. பறம்பில் வாழ்ந்த பிற மக்கள் பாடலுக்குள் வரவில்லை. ஏன் என்று கேட்டு உங்கள் பதிலை எழுதுங்கள்: தந்தையை இழந்த பெண்களுக்கு அப்போது ஊரைப் பற்றி நினைக்க இடமில்லை என்பது என் வாசிப்பு.

"ஒன்று 5 அடி, இன்னொன்று 20 அடி. பெரிய பாடலைப் பற்றித்தானே நிறைய எழுத முடியும்? சமமாக இருக்க வேண்டாமா?"

அடிகளின் எண்ணிக்கைக்கு ஏற்பப் பக்கத்தைப் பிரிக்க வேண்டியதில்லை. குறும்பாடலில் ஒவ்வொரு சொல்லும் அதிகம் சுமக்கிறது. அதை நிறுத்திப் படித்தால் பக்கம் தானாக நிறையும்.

112இன் இரண்டாம் அடியில் தந்தை முதலில், குன்று பிறகு. கடைசியில் குன்று முதலில், தந்தை பிறகு. வரிசை தலைகீழாகிப் பாடல் தந்தையின் இன்மையில் போய் முடிகிறது. இன்னும் ஒன்று பாருங்கள். இரண்டாம் அடியில் 'எம் குன்றும்' ஒரே அடியில் சேர்ந்து நிற்கிறது. நான்காம் அடியிலோ 'வேந்தர்எம்' என்று அடி முடிந்துவிடுகிறது. 'குன்றும்' அடுத்த அடிக்குப் போய்விடுகிறது. நேரிசை ஆசிரியப்பாவில் ஈற்றயலடி மூன்று சீரில் நிற்கும் என்ற இலக்கணத்தால் நேர்ந்த முறிவு அது; ஆனால் குன்று கைவிட்டுப் போனதைச் சொல்லும் இடத்தில் 'எம்' குன்றை விட்டுத் தனியே நிற்பது பொருளுக்கு எவ்வளவு துணை செய்கிறது! யாப்பைப் பற்றி எழுத ஆசைப்பட்டவர்கள் இப்படிப் பொருளோடு சேர்த்து எழுதுங்கள். 235இல் அடிகள் நீண்டும் குறுகியும் வருவதை இதற்கு எதிரே வைக்கலாம்.

"பழைய சொற்கள் புரியாமல் உரையைப் பார்த்துத்தான் எழுதுகிறேன். அது தவறா?"

தவறே இல்லை. ஆனால் உரையாசிரியர் சொன்னதை அவர் சொன்னதாகவே எழுதுங்கள். 'வென்றெறி முரசின் வேந்தர்' என்பதைப் பழைய உரை இகழ்ச்சிக் குறிப்பாகக் கொள்கிறது. பாரியை வஞ்சித்துக் கொன்றவர்களை வெற்றி முரசு உடையவர்கள் என்று மகளிர் சொல்வதில் ஏளனம் இருக்கிறது என்பது அதன் கருத்து. இது குற்றம் யார்மேல் என்ற பத்திக்கு நேராக உதவும். மகளிர் ஏளனத்தை ஓர் அடைமொழிக்குள் மறைக்கிறார்கள்; ஔவையார் பகன்றைப் பூவை உவமை காட்டி வெளிப்படையாகச் சொல்கிறார். குளிர்ந்த துறையில் பூத்தும் யாரும் சூடாமல் கிடந்து போகும் அந்தப் பூவைப் போல, பிறருக்கு ஒன்றும் கொடுக்காமல் மாயும் உயிர்கள் மிகப் பல என்கிறார்.

மேற்கோளை முழு அடிகளாக அள்ளிப் போடாதீர்கள். இரண்டு மூன்று சொற்களை உங்கள் வாக்கியத்துக்குள் பொருத்துங்கள்.

"தேர்வில் அரை மணி நேரம்தான். இவ்வளவும் எப்படி முடியும்?"

முதல் ஐந்து நிமிடத்தில் விடைத்தாளின் கடைசிப் பக்கத்தில் கூறுக்கு ஒன்றாக மூன்று கிடைவரிசை, பாடலுக்கு ஒன்றாக இரண்டு நெடுவரிசை கொண்ட கட்டம் போடுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் பாடலிலிருந்து இரண்டு சொல் மட்டும் எழுதுங்கள். கட்டத்தில் ஒரு பக்கம் காலியாக இருந்தால் அந்தக் கூறை விட்டுவிடுங்கள். நேரம் மிகக் குறைவாக இருந்தால் இரண்டு கூறுகளோடு நிறுத்துங்கள்.

"முடிவுரையில் எந்தப் பாடல் சிறந்தது என்று சொல்ல வேண்டுமா?"

வேண்டியதில்லை, கேள்வியே அதைக் கேட்டால் மட்டும் சொல்லுங்கள். முன்னுரையின் மையக் கருத்தை அதே சொற்களில் திரும்ப எழுதுவதும் வேண்டாம். மூன்று கூறுகளையும் கடந்து வந்த பிறகு அந்தக் கருத்து எப்படிக் கூர்மையானது என்பதை இரண்டு மூன்று வாக்கியங்களில் சொல்லுங்கள். நம் கட்டுரையில் அது இப்படி இருக்கலாம்: தனித்து நிற்கும் மகளிர் பகைவரைக் காட்டுகிறார்கள், கூட்டத்தோடு நிற்கும் ஔவையார் பகைவரை விட்டுவிட்டு, இருந்தும் கொடுக்காதவரைக் காட்டுகிறார். முன்னுரை எழுதும்போது இந்தத் தொடர்பு உங்களுக்கே தெரிந்திருக்காது.

"கிருஷ்ணகிரிப் பக்கம் எங்கள் ஊரில் நடுகற்கள் இருக்கின்றன. ஔவையாரின் நடுகல் பாடலை 235ஓடு ஒப்பிடலாமா?"

தாராளமாக. நீங்கள் சொல்வது 232ஆம் பாடல். அதுவும் அதியமான் இறந்தபின் ஔவையார் பாடியதே. புலவர் ஒருவர், இறந்தவன் ஒருவன், துறை ஒன்று. அதனால் 'யார் பேசுகிறார்' போன்ற கூறுகள் இங்கே பயன்படா. வேறுபாடு மிக நுணுக்கமான இடத்தில் இருக்கும். தேடும் வழி மட்டும் அதேதான். பொதுவானதைப் பிடியுங்கள். 235 'சிறியகட் பெறினே எமக்கீயும்' என்று தொடங்குகிறது. 232இல் நடுகல்லுக்குப் பீலி சூட்டி, நாரால் வடித்த கள்ளைச் 'சிறுகலத்து உகுப்பவும் கொள்வன் கொல்லோ' என்று ஔவையார் கேட்கிறார். சிறிதளவு கள் இரண்டிலும் இருக்கிறது. அங்கே கொடுத்தவன் அவன், பெற்றவர் இவர். இங்கே கொடுப்பவர்கள் மற்றவர்கள், பெற வேண்டியவன் அவன். அவனோ மலையோடு கூடிய நாட்டையே கொடுத்தாலும் கொள்ளாதவன். கொடுத்தல், பெறுதல் என்பதை முதல் கூறாக வைத்துத் தொடங்குங்கள். அடுத்து, இரண்டு பாடல்களிலும் வரும் 'கொல்லோ' என்ற கேள்விகள் எதைக் கேட்கின்றன என்று பாருங்கள். ஒன்று அவன் எங்கே இருக்கிறான் என்று கேட்கிறது. மற்றது அவன் இதை ஏற்பானா என்று கேட்கிறது. மூன்றாவது கூறை நீங்களே கண்டுபிடித்துக் கட்டத்தில் எழுதிக்கொண்டு வாருங்கள். அதைப் பார்த்துவிட்டு மேலே பேசலாம்.